மூன்றாவது நிமிடத்தை மிச்சப்படுத்தும் குரல்



இந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அக்டோபர் சம்பளமும் போனஸும் கைக்கு வந்த மறுநாளே, நவம்பர் 1, இன்னொரு ஞாயிறு. அன்று தொடங்கி 7-ஆம் தேதி சனிக்கிழமை இரவு வரை உங்கள் கடைக்குள் கால் வைக்க இடம் இருக்காது. ஸ்டாக், பார்க்கிங், கூடுதல் ஆள், பில் மெஷின் என்று எல்லாவற்றுக்கும் இப்போதே ஏற்பாடு செய்திருப்பீர்கள். இந்த இதழில் நான் பேச விரும்புவது பலர் கடைசி நாள்வரை நினைத்தே பார்க்காத ஒன்றைப் பற்றி. கடைக்குப் போன் செய்கிறவர் காத்திருக்கும்போது கேட்கும் குரல், கடை மூடிய பிறகு கூப்பிடுகிறவருக்குக் கேட்கும் குரல், இந்த இரண்டையும்தான் சொல்கிறேன்.

வழக்கமாக இது எப்படி நடக்கிறது? விளம்பரப் படம் எடுத்தவரிடமே, "அப்படியே போனுக்கும் ஒண்ணு போட்டுக் கொடுத்துடுங்க" என்று சொல்லிவிடுகிறோம். அவரும் நாதஸ்வரம், வாணவெடிச் சத்தம், கம்பீரமான ஆண் குரல், "இந்தத் தீபத் திருநாளில்..." என்று தொடங்கும் வாழ்த்து, அதன் பின்னே தள்ளுபடிப் பட்டியல் என்று அழகாகச் செய்து தருகிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்பவர் ஏற்கெனவே நம் கடையைத் தேர்ந்தெடுத்து, நம்பரைத் தேடிப் பிடித்து, ஒரு கேள்வியோடு கூப்பிட்டிருப்பவர். விளம்பரம் அவரிடம் தன் வேலையை முடித்துவிட்டது. அவருக்கு வேண்டியது பதில்.

என்ன கேள்வி என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். போன் எடுக்கும் பெண்ணின் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்து, கூப்பிடுகிறவர் கேட்கும் முதல் கேள்வியை மட்டும் இரண்டு நாள் கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள். தையல் பிரிவும் உள்ள ஒரு ஜவுளிக்கடையை எடுத்துக்கொண்டால், பண்டிகை வாரத்தில் திரும்பத் திரும்ப வருபவை இவைதான்: "தைக்கக் கொடுத்தது ரெடியா?", "ராத்திரி எத்தனை மணி வரைக்கும் இருப்பீங்க?", "இப்போ கொடுத்தா தீபாவளிக்குள்ள தைச்சுத் தருவீங்களா?", "ஞாயித்துக்கிழமை கடை உண்டா?" தள்ளுபடி எத்தனை சதவீதம் என்று போனில் கேட்பவர்கள் குறைவு. அதை நேரில் வந்து, துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். உங்கள் கடை பாத்திரக்கடையாகவோ, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கும் கடையாகவோ இருந்தால் கேள்விகள் வேறாக இருக்கும். நோட்டு சொல்லிவிடும்.

இந்தக் கேள்விகளில் இரண்டு வகை உண்டு. கடை நேரம், விடுமுறை, தையல் கடைசித் தேதி ஆகியவற்றுக்கு எல்லோருக்கும் ஒரே பதில். அதைப் பதிவு செய்த குரலே சொல்லிவிடலாம். "என் பிளவுஸ் ரெடியா?" என்பதற்கு ஆள்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஆளின் வேலையில் ஒரு பகுதியைக் குரல் முன்கூட்டியே முடித்து வைக்க முடியும். எப்படி என்று காட்ட, அப்படிப்பட்ட ஓர் அழைப்பைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்.

"அம்மா, பிளவுஸ் தைக்கக் கொடுத்திருந்தேன், ரெடியான்னு பார்த்துச் சொல்லுங்களேன்."

"பில் நம்பர் சொல்லுங்கக்கா."

"பில்லா? ஒரு நிமிஷம் இருங்க, பீரோவுல வச்சேன்..."

இங்கே கவுண்ட்டர்ப் பெண் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறார். அந்தப் பக்கம் பீரோக் கதவு திறக்கும் சத்தம், "டேய், அந்த மஞ்சப் பையை எங்கடா வச்ச?" என்று மகனைக் கேட்கும் சத்தம். ரசீது கிடைக்கிறது. அதில் மூன்று இடத்தில் எண்கள் இருக்கின்றன. முதலில் ஜி.எஸ்.டி. எண்ணைப் படிக்கிறார். "அது இல்லக்கா, மேல சிவப்புல ஒண்ணு இருக்கும் பாருங்க" என்கிறார் நம் பெண். கண்ணாடி தேட இன்னும் கொஞ்ச நேரம். எண் கிடைத்ததும் தையல் நோட்டைப் புரட்டி, "வியாழக்கிழமை சாயங்காலம் வாங்கிக்கலாம்க்கா" என்று சொல்ல அரை நிமிடம்தான் ஆகிறது. மூன்று நிமிடப் பேச்சில் ஒரு முழு நிமிடத்துக்கு மேல் அந்த ரசீதைத் தேடியே போய்விட்டது.

அந்த ஒரு நிமிடத்தின் மதிப்பைக் கணக்கிட நமக்கு ஒரு வழி இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங் என்ற கணித அறிஞர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். எத்தனை அழைப்புகளுக்கு எத்தனை ஆட்கள் இருந்தால் எத்தனை பேர், எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள் என்பதை ஆராய்ந்து, 1917-இல் சூத்திரமாக வெளியிட்டார். கால் சென்டர்களில் இன்றும் ஆள் எண்ணிக்கையை முடிவு செய்ய அந்த அடிப்படையைத்தான் பயன்படுத்துகிறார்கள். சூத்திரத்தை இங்கே எழுதப் போவதில்லை. அதில் நம் கடையைப் பொருத்தினால் வரும் விடையை மட்டும் சொல்கிறேன்.

மணிக்கு 40 அழைப்புகள் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் சராசரி 3 நிமிடம். மொத்தம் 120 நிமிடப் பேச்சு. ஒருவரால் மணிக்கு 60 நிமிடம் பேச முடியும் என்றால் இரண்டு பேர் போதும் என்றுதான் தோன்றும். போதாது. அழைப்புகள் வரிசையில் ஒவ்வொன்றாக வருவதில்லை. ஐந்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு ஒரே நிமிடத்தில் நான்கு வரும். அப்படிச் சும்மா போன நேரத்தைத் திரும்பப் பிடிக்க முடியாததால், இரண்டு பேர் மட்டும் இருந்தால் வரிசை நீண்டுகொண்டே போகும். மூன்று பேரைப் போட்டால் 100 பேரில் சுமார் 44 பேர் காத்திருக்க வேண்டிவரும். அப்படிக் காத்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் சராசரியாக 3 நிமிடம் ஆகும். நான்காவதாக ஓர் ஆளைப் போட்டால் காத்திருப்பவர்கள் 17 பேராகக் குறைவார்கள். அவர்களுக்கும் சராசரி ஒன்றரை நிமிடம்தான்.

நான்காவது ஆளைப் போடாமல், பேச்சு நேரத்தை மட்டும் 3 நிமிடத்திலிருந்து 2 நிமிடமாகக் குறைத்துப் பாருங்கள். அதே மூன்று பேர், அதே 40 அழைப்புகள். காத்திருப்பவர்கள் 18 பேர். சராசரி 72 விநாடி. அந்த ஒரு நிமிடம் கிட்டத்தட்ட ஓர் ஆளுக்குச் சமம்.

சனிக்கிழமை மாலை அழைப்புகள் மணிக்கு 50 ஆகும்போது வித்தியாசம் இன்னும் பெரிது. மூன்று பேர், 3 நிமிடப் பேச்சு என்றால் 100 பேரில் 70 பேர் காத்திருப்பார்கள், ஒவ்வொருவரும் சராசரி 6 நிமிடம். பேச்சு 2 நிமிடமானால் காத்திருப்பவர்கள் 30 பேர், ஒன்றரை நிமிடம். கூட்டம் ஏற ஏற, மிச்சப்படுத்தும் ஒவ்வொரு நிமிடமும் முன்பைவிட அதிகமாகப் பலன் தருகிறது. பண்டிகை வாரத்தில் மட்டும் போன் திடீரென்று கைமீறிப் போவதற்கும் காரணம் இதுதான். அழைப்பு கால் பங்குதான் கூடியிருக்கும், காத்திருப்பு இரண்டு மடங்காகிவிடும்.

எர்லாங் கணக்குக்கு ஒரு வரம்பு உண்டு. கூப்பிட்டவர் எவ்வளவு நேரமானாலும் பொறுமையாகக் காத்திருப்பார் என்று அது எடுத்துக்கொள்கிறது. நம் வாடிக்கையாளர் வைத்துவிட்டு மறுபடி கூப்பிடுவார். ஆகவே இந்த எண்களை விநாடி சுத்தமாக நம்ப வேண்டாம். எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்பதைப் பார்க்க இது போதும்.

இப்போது அந்தக் குரல் என்ன சொல்ல வேண்டும் என்று பார்ப்போம். நம் கடைக்கு நான் எழுதிப் பார்த்தது இது:

"வணக்கம். கவுண்ட்டர்ல மூணு பேரும் வேற போன்ல பேசிட்டிருக்காங்க. வந்த வரிசைப்படி எடுக்கிறோம், ரெண்டு மூணு நிமிஷம் ஆகலாம். தைக்கக் கொடுத்ததைப் பத்திக் கேக்கணும்னா, ரசீதைக் கையில எடுத்து வச்சுக்கோங்க. தையல் ரசீதுல மேல சிவப்புல இருக்கிற நம்பர்தான் எங்களுக்கு வேணும். நவம்பர் ஏழு, சனிக்கிழமை வரைக்கும் கடை காலையில ஒன்பது மணிக்குத் திறந்து ராத்திரி பதினோரு மணி வரைக்கும் இருக்கும். தீபாவளி அன்னைக்கு, நவம்பர் எட்டு, ஞாயித்துக்கிழமை, கடை லீவு. புதுசா தைக்க வாங்குறது முடிஞ்சிருச்சு."

நிதானமாகப் படித்தால் முக்கால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு வாக்கியமும் எதற்காக அங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

"மூணு பேரும் பேசிட்டிருக்காங்க" என்பது காரணம். "ரெண்டு மூணு நிமிஷம்" என்பது அளவு. டேவிட் மைஸ்டர் என்ற ஹார்வர்ட் பேராசிரியர் 1985-இல் வரிசையில் நிற்பவர்களின் மனநிலையைப் பற்றி எழுதிய கட்டுரை இந்தத் துறையில் புகழ்பெற்றது. காரணம் சொல்லாத காத்திருப்பும், எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பும், கையில் வேலை இல்லாத காத்திருப்பும் உண்மையில் ஆகும் நேரத்தைவிட நீளமாகத் தெரியும் என்று அவர் காட்டினார். ரசீதை எடுத்து வைக்கச் சொல்வது அந்த மூன்றாவதற்கும் மருந்து. காத்திருக்கும் அக்காவுக்கு இப்போது ஒரு வேலை இருக்கிறது. பீரோவைத் திறக்கிறார், கண்ணாடியைத் தேடுகிறார், சிவப்பு எண்ணைக் கண்டுபிடிக்கிறார். நம் பெண் "வணக்கம்" சொல்லும்போது அவர் தயாராக இருக்கிறார். எந்த எண் என்று நிறத்தோடு சொல்ல மறந்துவிடாதீர்கள். ரசீது கையில் இருந்தும் ஜி.எஸ்.டி. எண்ணைப் படிக்கத் தொடங்கினால் பாதிப் பலன் போய்விடும்.

கிழமையையும் தேதியையும் சேர்த்தே சொல்லுங்கள். "நாளைக்கு", "இந்த வாரம் முழுக்க", "வர்ற ஞாயிறு" என்பவை பதிவு செய்த அன்று சரியாக இருக்கும், மறுநாள் தப்பாகிவிடும். நேரத்தைச் சொல்லும்போது காலை, ராத்திரி என்பதும் விட்டுப்போகக் கூடாது. போன் இரைச்சலில் "ஐம்பது", "ஒன்பது", "எண்பது" மூன்றும் ஒரே மாதிரி விழும். பக்கத்தில் "காலையில", "மணிக்கு" என்ற சொற்கள் இருந்தால் எது என்று காது பிடித்துக்கொள்ளும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. காத்திருக்காமல் உடனே கவுண்ட்டருக்குப் போய்விடும் அதிர்ஷ்டசாலிக்கு இந்தச் செய்தி கேட்காது. அவர் ரசீது இல்லாமலே வந்து நிற்பார். ஆகவே போன் எடுத்தவுடன் எல்லோருக்கும் கேட்கும் வரவேற்புக் குரல் ஒன்று இருந்தால், ரசீது வாக்கியத்தை அதிலும் சேர்த்துவிடுங்கள். கடை பெயர், "தையல் பத்திக் கேக்கணும்னா ரசீது நம்பரை எடுத்து வச்சுக்கோங்க", அவ்வளவுதான். பத்து விநாடியைத் தாண்டக் கூடாது. எண் அழுத்தும் வசதியும் வைத்திருந்தால் இரண்டு தேர்வுக்கு மேல் வேண்டாம். "ஒன்றை அழுத்தினால் தையல்" என்று எண்ணை முதலில் சொல்லாமல், "தையலுக்கு ஒன்று, மத்ததுக்கு ரெண்டு" என்று விஷயத்தை முதலில் சொல்லுங்கள். நமக்கு வேண்டியது வந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் விரல் எண்ணைத் தேடும்.

நாதஸ்வரத்தை விட மனம் வரவில்லை என்று சில வாசகர்கள் சொல்லக்கூடும். எனக்கும் நாதஸ்வரம் உயிர். போனில் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், சாதாரணத் தொலைபேசி இணைப்பு 300 ஹெர்ட்ஸிலிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்துகிறது. பேச்சு புரிவதற்கு அது போதும் என்று வகுத்த அளவு. நாதஸ்வரத்தின் செழுமைக்குக் காரணமான மேல் ஒலிகள் அதற்கு வெளியே போய்விடுகின்றன. செல்போன் வலையமைப்பு பேச்சைக் கடத்துவதற்காகச் செய்யப்பட்டதால், நீண்டு ஒலிக்கும் இசையைப் பின்னணி இரைச்சல் என்று நினைத்து நடுநடுவே அமுக்கவும் செய்யும். கடைசியில் காதுக்கு வருவது விட்டுவிட்டு வரும் கிறீச்சொலி. தவிலும் வெடிச் சத்தமும் வெறும் தடதடப்பு. பேச்சுக்கு அடியில் இசையைப் போட்டால் இரண்டும் கெடும். இசை வேண்டும் என்றால் செய்திக்கும் செய்திக்கும் நடுவில், வீணை போலத் தனியாக ஒலிக்கும் ஒரே ஒரு வாத்தியத்தை மெல்ல விடுங்கள். சினிமாப் பாட்டு வேண்டாம். அதை அழைப்பவர்களுக்கு ஒலிக்க விடுவதற்கு உரிமை வைத்திருப்பவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும்.

காத்திருப்பு இசை பிறந்த கதையும் சுவையானது. அமெரிக்காவில் ஆல்ஃபிரட் லெவி என்பவரின் தொழிற்சாலையில் தொலைபேசி ஒயர் ஒன்று கழன்று இரும்பு உத்தரத்தில் உரசிக்கொண்டிருந்தது. கட்டடமே ஆன்டெனாவாகி, பக்கத்து வானொலி நிலையத்தின் பாட்டு காத்திருப்பவர்களின் காதில் ஒலித்தது. அதைக் கவனித்த லெவி 1962-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1966-இல் கிடைத்தது. அன்று அதற்கு இருந்த பெரிய பயன், இணைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை என்று காத்திருப்பவருக்குத் தெரிந்ததுதான். இன்றும் இசைக்கு உள்ள நியாயமான வேலை அது ஒன்றே. அதனால் முழு மௌனம் மட்டும் விடாதீர்கள். மௌனம் கேட்டால் லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடுவார்கள்.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று பத்து விநாடிக்கு ஒரு முறை குறுக்கிடும் குரலையும் எடுத்துவிடச் சொல்வேன். இசை நின்று மனிதக் குரல் கேட்டதும் ஆள் வந்துவிட்டார் என்று காத்திருப்பவர் நிமிர்கிறார், "ஹலோ" என்கிறார், ஏமாறுகிறார். இப்படி நாலு தடவை ஏமாந்தவர்தான் நம் கவுண்ட்டர்ப் பெண்ணிடம் கோபமாகப் பேசுகிறார். தான் செய்யாத தவறுக்கு அந்தப் பெண் பேச்சு வாங்குகிறார். காத்திருக்க வைத்ததற்கு வருத்தம் இருந்தால் அதை ஆள் எடுத்ததும் நேரடியாகச் சொல்லட்டும்.

யார் குரலில் பதிவு செய்வது? என் கருத்து உறுதியானது: கவுண்ட்டரில் போன் எடுக்கும் அந்தப் பெண்ணின் குரலில். அவர் பெரியவர்களிடம் எப்படி மரியாதையாகப் பேசுவாரோ அந்தப் பேச்சில். மேடைத் தமிழ் வேண்டாம், கொச்சையும் வேண்டாம். மதுரைக் கடைக்கு மதுரைப் பேச்சும் கோவைக் கடைக்குக் கோவைப் பேச்சும் இருக்கட்டும். அதற்கு நடைமுறை லாபமும் உண்டு. தேதி மாறினால் அரை மணியில் மறுபடி பதிவு செய்துகொள்ளலாம், ஸ்டூடியோவுக்கு ஓட வேண்டாம்.

பதிவு செய்ய ஜவுளிக்கடையைவிட நல்ல இடம் கிடையாது. குடோனில் புடவைக் கட்டுகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொல்லுங்கள். துணி எதிரொலியை விழுங்கிவிடும். ஃபேனை நிறுத்துங்கள். செல்போனை வாய்க்கு ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே வைக்காமல் சற்று பக்கவாட்டில் வைத்தால் "ப", "ஃப" வரும் இடங்களில் காற்று மைக்கில் அடிக்காது. பதிவை 8 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ வேவ் கோப்பாக மாற்றித் தரச் சொன்னால் பெரும்பாலான எக்ஸ்சேஞ்ச் பெட்டிகள் ஏற்கும். உங்கள் பெட்டி எதைக் கேட்கிறது என்று போட்டுக் கொடுத்தவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஏற்றியதும் அறைக்குள் ஸ்பீக்கரில் கேட்டுத் திருப்திப்படாதீர்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அங்கே நின்று, சாதாரண செல்போனிலிருந்து கடைக்குக் கூப்பிடுங்கள். பஸ் ஹாரனுக்கு நடுவில் "சிவப்புல இருக்கிற நம்பர்" புரிகிறதா என்று பாருங்கள். அப்படியே இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய எக்ஸ்சேஞ்ச்களில் செய்தி ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், அழைப்பவர் நடுவில் நுழைவார். உங்களுடையது அப்படியானால் "அதனால", "அதுக்கு மேல" என்று முந்தைய வாக்கியத்தைப் பிடித்துத் தொங்கும் வாக்கியங்கள் கூடாது. எந்த இடத்தில் நுழைந்தாலும் அடுத்த வாக்கியம் தனியாகப் புரிய வேண்டும். நான் மேலே எழுதியதை அந்தக் கண்ணோடு மறுபடி படித்துப் பாருங்கள்.

இத்தனையும் செய்வதற்கு முன் ஒன்றை உறுதி செய்தாக வேண்டும். கடையில் மூன்று லைன், எடுக்க மூன்று ஆள் என்றால் காத்திருக்கவே இடம் இல்லை. நாலாவது ஆளுக்கு "என்கேஜ்ட்" சத்தம்தான் கேட்கும், உங்கள் குரல் கேட்காது. ஆட்களைவிட லைன்கள் கூடுதலாக இருக்க வேண்டும். மூன்று பேருக்கு எட்டு லைன் இருந்தால் ஐந்து பேர் காத்திருக்கலாம். இணையவழி லைன் வைத்திருப்பவர்கள் ஒரு மாதத்துக்கு மட்டும் கூட்டிக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அதற்காகக் காத்திருக்கும் இடத்தை எல்லையில்லாமல் கூட்டவும் வேண்டாம். நாலு நிமிடம் தாண்டியவரை அடுத்த குரலுக்கு அனுப்பிவிடுங்கள்.

அந்த அடுத்த குரல், வாய்ஸ்மெயில். இதில் நம் ஊர் வழக்கம் வேறு. பீப் சத்தம் கேட்டதும் பேசி வைப்பது நம்மில் பெரும்பாலோருக்குப் பழக்கமே இல்லை. மிஸ்டு கால் கொடுத்தால் எதிரில் இருப்பவர் கூப்பிடுவார் என்பதுதான் நம் பழக்கம். வெளிநாட்டு முறையில் "பெயர், எண், விவரம் சொல்லுங்கள்" என்று கேட்டால் மௌனமும் பெருமூச்சும் பதிவாகும். நம் பழக்கத்தின் மீதே செய்தியை அமைத்துவிடலாம்:

"வணக்கம். கடை இப்போ மூடியிருக்கு. காலையில ஒன்பது மணிக்குத் திறப்போம். உங்க நம்பர் எங்களுக்கு வந்துருச்சு, நீங்க மறுபடி கூப்பிட வேண்டாம். காலையில பதினோரு மணிக்குள்ள நாங்களே கூப்பிடுறோம். தையல் ரசீதா இருந்தா, பீப் சத்தம் கேட்டதும் சிவப்பு நம்பரை மட்டும் ஒவ்வொரு எண்ணா சொல்லிட்டு வச்சுருங்க."

ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொல்வது, 471-ஐ "நானூத்தி எழுபத்தி ஒண்ணு" என்று வேகமாகச் சொன்னால் இரைச்சலில் "எழுபது" வேறாகக் கேட்டுவிடும் என்பதால். "நாலு, ஏழு, ஒண்ணு" என்றால் ஒன்று தவறினாலும் மற்றவை நிற்கும். நாலு நிமிடம் காத்திருந்து இங்கே வருபவருக்கு "கடை மூடியிருக்கு" என்பது பொய்யாகிவிடும். அவருக்குத் தனிப் பதிவு வேண்டும்: "எல்லாரும் பேசிட்டிருக்காங்க, ஒரு மணி நேரத்துக்குள்ள நாங்களே கூப்பிடுறோம்."

இங்கேதான் பல கடைகள் பெயரைக் கெடுத்துக்கொள்கின்றன. கூப்பிடுகிறோம் என்று குரல் சொல்கிறது, கூப்பிட ஆள் கிடையாது. அந்தப் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதிக் கொடுங்கள். காலை ஒன்பது மணிக்குப் பட்டியலை எடுக்கும்போது ஒரே எண் மூன்று நான்கு முறை இருக்கும், அதை ஒன்றாக்கினால் பட்டியல் சுருங்கும். ரசீது எண் சொன்னவர்களுக்கு முதலில் நோட்டைப் பார்த்துவிட்டுக் கூப்பிட வேண்டும். அந்த அழைப்பு அரை நிமிடத்தில் முடியும். சுருங்கிய பிறகும் 60 எண்கள் இருக்கின்றன, ஆளுக்கு 2 நிமிடம் என்றால் இரண்டு மணி நேரம். ஒருவரால் ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் முடிக்கலாம். 90 எண்கள் என்றால் முடியாது. அப்போது இன்னோர் ஆள் வேண்டும், இல்லையென்றால் செய்தியில் "பதினோரு மணிக்குள்ள" என்பதை "மத்தியானத்துக்குள்ள" என்று மாற்ற வேண்டும். நேரம் சொல்லாமல் விடுவது தீர்வு ஆகாது. நேரம் சொல்லவில்லை என்றால் அவர் கடை திறந்ததும் தானே கூப்பிடுவார், காலை வரிசை நீளும்.

குரல் வேலை செய்கிறதா என்பதை அழைப்புப் பதிவேட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆள் எடுக்குமுன் வைத்துவிட்ட அழைப்புகளை எல்லாம் இழப்பு என்று எண்ணிக் கவலைப்படாதீர்கள். முப்பதாவது விநாடிக்கு மேல், கடை நேரம் சொல்லி முடித்த இடத்தில் வைத்தவர், அன்று மறுபடி கூப்பிடவில்லை என்றால் அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஐந்தாவது விநாடியில் வைத்துவிட்டு, பத்து நிமிடத்துக்குள் அதே எண்ணிலிருந்து மறுபடி வந்தவர்தான் நமக்குக் கவலை. அப்படிப்பட்டவர்கள் கூடினால் செய்தியின் தொடக்கம் சரியில்லை, அல்லது வாழ்த்து நீளம். நோட்டில் கோடு போடுவதையும் நிறுத்தாதீர்கள். செய்தியில் பதில் சொல்லியிருக்கும் கேள்வியே கவுண்ட்டருக்கும் வந்துகொண்டிருந்தால், அந்த வாக்கியம் புரியவில்லை அல்லது பிந்தி வருகிறது. அதை முன்னே கொண்டுவந்து, அன்று மாலையே மறுபடி பதிவு செய்யுங்கள்.

பண்டிகை முடிந்த பிறகும் பழைய குரல் ஒலித்துக்கொண்டிருப்பது நம் கடைகளில் மிகச் சாதாரணம். 7-ஆம் தேதி இரவு ஷட்டரை இறக்குபவருக்கே குரலை மாற்றும் வேலையையும் கொடுங்கள். அடுத்த பதிவை இப்போதே குடோனில் செய்து பெட்டியில் ஏற்றி வைத்துவிட்டால், அன்று இரவு அசதியில் அவர் செய்ய வேண்டியது தேர்ந்தெடுப்பது மட்டும்தான். 8-ஆம் தேதிக்கு ஒன்று: விடுமுறை, திங்கள் காலை எத்தனை மணிக்குத் திறப்போம், நாங்களே கூப்பிடுகிறோம். 9-ஆம் தேதியிலிருந்து கேள்விகள் மொத்தமாக மாறும். சைஸ் சரியில்லை, கலர் வேறு வேண்டும் என்று மாற்றக் கேட்பவர்கள் வரத் தொடங்குவார்கள். அன்றைய குரல் மாற்றித் தரும் கடைசித் தேதியையும், பில்லும் பிரிக்காத டேக்கும் வேண்டும் என்பதையும், கூட்டம் குறைந்த நேரம் எது என்பதையும் சொல்லட்டும்.

உங்கள் கடையில் என்ன கேள்வி அதிகம் வருகிறது, அதற்கு நீங்கள் எழுதிய வாக்கியம் என்ன என்று எங்களுக்கு எழுதுங்கள். பாத்திரக்கடை, நகைக்கடை, மருந்துக்கடை என்று வெவ்வேறு தொழில்களிலிருந்து வந்தால் நல்லது. பொங்கல் விற்பனைக்கு முன்பாக வரும் இதழில் அவற்றை அப்படியே வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்